போனில் ரிஜெக்ட் சொன்ன ரெக்ரூட்டரிடம் அதை எழுத்தில் வாங்குவது எப்படி?

கேள்வி: கன்சல்டன்சி மூலமா ஒரு ஐ.டி. கம்பெனியில மூணு ரவுண்டு முடிச்சேன். நேத்து சாயங்காலம் அந்த ரெக்ரூட்டர் மேடம் போன் பண்ணி "ரிஜெக்ட் ஆயிடுச்சு, சாரி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்க. மெயில் எதுவும் வரல. இன்னிக்கு வேற கன்சல்டன்சியில இருந்து அதே கம்பெனிக்குக் கூப்பிடறாங்க. முதல்ல சொன்ன ரிஜெக்‌ஷனை எழுத்துல கேட்கலாமா? எப்படிக் கேட்கறது?

பதில்:

கேட்கலாம். உங்கள் நிலைமையில் கேட்டே ஆக வேண்டும், அதுவும் இரண்டாவது கன்சல்டன்சிக்கு "சரி, அனுப்புங்க" என்று சொல்வதற்கு முன்னால். "ரிஜெக்ட் செய்த காரணத்தை எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் வராது. "நேற்று நீங்கள் போனில் சொன்னது இதுதானே?" என்று நீங்களே எழுதி அனுப்பி, பதிலாக ஒரே ஒரு வரி கேட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

அந்த மேடம் ஏன் மெயில் போடவில்லை என்பது தெரிந்தால் கேட்பது சுலபமாகும். நம் ஊரில் கன்சல்டன்சிக்குக் காசு வருவது நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகுதான். பரவலாக உள்ள கட்டணம் உங்கள் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். கம்பெனி உங்களை வேண்டாம் என்று சொன்ன நிமிடத்திலேயே உங்கள் புரொஃபைலால் அவருக்கு வருமானம் இல்லை என்றாகிவிடுகிறது. அடுத்த ஆளைத் தேட ஓடுகிறார். அதோடு, காரணத்தை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்பது பல கம்பெனிகள் கன்சல்டன்சிக்குப் போடும் நிபந்தனை. இன்டர்வியூ எடுத்தவர் எழுதிய கருத்து நாளைக்கு ஒரு சண்டைக்கு ஆதாரமாகக் கூடாது என்ற பயம்தான். சொல்லப்போனால், தனியார் கம்பெனி ஒரு விண்ணப்பதாரருக்கு நிராகரிப்பையோ அதன் காரணத்தையோ எழுத்தில் தந்தாக வேண்டும் என்று இந்தியாவில் பொதுவான சட்டக் கட்டாயம் எதுவும் கிடையாது. ஆகவே நீங்கள் கேட்பது உரிமை அல்ல, ஒரு சின்ன உதவி. அந்தத் தொனியில்தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் எழுத்தில் எதற்கு? உங்கள் விஷயத்தில் காரணம் தெளிவானது. ஒரு கன்சல்டன்சி உங்கள் புரொஃபைலை கம்பெனிக்கு அனுப்பிவிட்டால், கம்பெனியின் சிஸ்டத்தில் உங்கள் மெயில் ஐ.டி., போன் நம்பர், சில இடங்களில் பான் நம்பரும் சேர்ந்து அந்த கன்சல்டன்சியின் பெயரில் ஏறிவிடும். அதற்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட காலம்வரை நீங்கள் எந்த வழியாக உள்ளே போனாலும் கட்டணம் அவர்களுக்குத்தான். பல இடங்களில் இந்த உரிமைக் காலம் ஆறு மாதம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். இந்த நேரத்தில் இரண்டாவது கன்சல்டன்சியும் உங்களை அனுப்பினால் "டூப்ளிகேட்" என்று வரும். எந்த கன்சல்டன்சிக்குக் காசு கொடுப்பது என்ற தகராறில் சிக்க விரும்பாமல், கம்பெனி இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிடுவதும் உண்டு. குற்றம் உங்கள் மேல் விழும்: "ரெண்டு பேர் கிட்ட ப்ரொஃபைல் கொடுத்த கேண்டிடேட்."

போனில் "ரிஜெக்ட்" என்று கேட்ட ஒரு சொல்லுக்குப் பின்னால் வேறு வேறு நிலைமைகள் இருக்கலாம் என்பது இன்னொரு சிக்கல். கம்பெனி உண்மையிலேயே உங்களை வேண்டாம் என்றிருக்கலாம். அந்த இடமே மூடப்பட்டிருக்கலாம். முடிவு ஹோல்டில் இருப்பதை, நீங்கள் தினமும் போன் போட்டுக் கேட்காமல் இருப்பதற்காக "ரிஜெக்ட்" என்று சொல்லி முடித்திருக்கலாம். எல்லாவற்றையும்விட மோசமானது, சிஸ்டத்தில் "கேண்டிடேட் விலகிக்கொண்டார்" என்று குறித்துவிடுவது. சம்பளப் பேச்சு இழுத்த இடங்களில் இது நடக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் பின்விளைவு வேறு. ரிஜெக்ட் என்றால் பல கம்பெனிகளில் மறுபடி விண்ணப்பிக்க முடியாத ஆறு மாதக் கூலிங் பீரியட் ஓடத் தொடங்கும். இடம் மூடப்பட்டது என்றால் பெரும்பாலும் கூலிங் பீரியட் இருக்காது, அடுத்த வாரமே வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். விலகினார் என்று இருந்தால் அடுத்த முறை ஹெச்.ஆர். உங்கள் பெயரைப் பார்த்ததுமே தயங்குவார்.

எனவே எழுத்தில் உங்களுக்கு வேண்டியவை நான்குதான்: எந்த இடம், முடிவு என்ன, முடிவெடுத்தது யார், மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம். காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. காரணம் தெரிய வேண்டுமென்றால் இன்னொரு நாள் போனில் கேளுங்கள், அதற்குத்தான் போன் சரி. இரண்டையும் ஒரே மெயிலில் போட்டால், காரணத்துக்குப் பதில் தர முடியாததால் மற்ற நான்குக்கும் சேர்த்து மௌனம்தான் கிடைக்கும்.

மெயிலை எங்கே, எப்போது அனுப்புவது

இன்றே அனுப்புங்கள். போன் வந்த 24 மணி நேரத்துக்குள் போனால், அது பேச்சு முடிந்த கையோடு எழுதிய குறிப்பு. ஒரு வாரம் கழித்துப் போனால் அந்த மேடத்துக்கே உங்கள் பெயர் நினைவிருக்காது, பார்த்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போடுவார்.

புது மெயில் எழுத வேண்டாம். மூன்று ரவுண்டுக்கும் இன்டர்வியூ நேரம் குறித்து உங்களுக்கு மெயில் வந்திருக்கும். கடைசி ரவுண்டுக்கு வந்த அந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். ஜாப் ஐ.டி., பதவி, தேதி எல்லாம் கீழே தானாக ஒட்டிக்கொண்டு வரும். அவர் எதையும் தேட வேண்டியதில்லை. அந்த மெயில் கம்பெனியின் ஹெச்.ஆரிடமிருந்து வந்திருந்தாலும், பதில் கன்சல்டன்சி மேடத்துக்கு மட்டும் போகட்டும். கம்பெனி ஆட்களை சி.சி.யில் சேர்த்தால், தன் தலைக்கு மேலே போய்ப் புகார் செய்வதாக மேடம் நினைப்பார். உங்களோடு நேரடியாகப் பேசக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கும் ஹெச்.ஆரும் பதில் தரமாட்டார்.

உங்கள் சொந்த மெயில் ஐ.டி.யிலிருந்துதான் அனுப்ப வேண்டும். இப்போது வேலை செய்யும் ஆபீஸ் மெயிலிலிருந்து, அவசரத்துக்குக்கூட, அனுப்பாதீர்கள். அது உங்கள் கம்பெனியின் சொத்து. நீங்கள் போன பிறகு அந்த மெயில் உங்கள் கைக்கு எட்டாது, இருக்கும்போதே யார் கண்ணிலாவது படவும் கூடும்.

மெயிலில் என்ன எழுதுவது

சப்ஜெக்ட் வரியில் உங்கள் பெயர், பதவி, ஜாப் ஐ.டி., பிறகு "நேற்றைய அழைப்பு – உறுதி செய்ய" என்று இருந்தால் போதும். உள்ளே வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

> வணக்கம் மேடம். நேற்று மாலை 4.40 மணிக்கு அழைத்துத் தகவல் சொன்னதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது: மேலே குறித்துள்ள பதவிக்கு, மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு என் விண்ணப்பத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று கம்பெனி முடிவு செய்திருக்கிறது. எனவே உங்கள் மூலம் போன இந்த விண்ணப்பம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.
>
> இது சரி என்றால் "சரி" என்று ஒரு வரி போதும். ஏதாவது மாறுபட்டிருந்தால் திருத்திச் சொல்லவும். இதே கம்பெனிக்கு மறுபடி விண்ணப்பிக்கக் காத்திருக்க வேண்டிய காலம் ஏதும் இருந்தால், அது எந்தத் தேதிவரை என்பதையும் குறிப்பிடவும்.

இவ்வளவுதான். இதில் சில சொற்களைக் கவனித்துப் போட்டிருக்கிறேன். "கம்பெனி முடிவு செய்திருக்கிறது" என்பது நீங்கள் விலகவில்லை என்பதைச் சத்தமில்லாமல் பதிவு செய்கிறது. இதற்கு அவர் "சரி" என்றால் சிஸ்டத்தில் வேறு மாதிரி குறித்திருந்தாலும் உங்கள் கையில் பதில் இருக்கும். "4.40 மணி" என்பது உங்கள் போனின் கால் லாகில் இருக்கும் நேரம், அந்தப் பக்கத்தையும் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "உங்கள் மூலம் போன விண்ணப்பம் முடிந்துவிட்டது" என்ற வரிதான் இரண்டாவது கன்சல்டன்சிக்கு நீங்கள் காட்டப்போவது. "திருத்திச் சொல்லவும்" என்றது, ஹோல்டில் இருந்தால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு கதவைத் திறந்து வைப்பதற்காக.

எழுதக் கூடாதவையும் உண்டு. "பரவாயில்லை மேடம், எனக்கும் இப்போது பெரிய ஆர்வம் இல்லை" என்று பெருந்தன்மையாக ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரியே "கேண்டிடேட் விலகிக்கொண்டார்" என்று குறிக்கப் போதும். "ரெக்கார்டுக்காக", "லீகல்", "ஆதாரம்" போன்ற சொற்களும் வேண்டாம். அதைப் பார்த்ததும் மேடம் பதில் போடாமல் தன் மேலாளருக்கு அனுப்புவார், அவர் பதில் போடாதே என்பார். ஏன் கேட்கிறீர்கள் என்று போனில் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: "வேற இடத்துல அப்ளை பண்ணும்போது டூப்ளிகேட் ஆகக் கூடாது இல்லையா மேடம், அதுக்குத்தான்." டூப்ளிகேட் என்றால் அவருக்கும் தலைவலி என்பதால் உடனே புரியும்.

மெயில் அனுப்பிய பத்து நிமிடத்தில் வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள்: "மேடம், நேத்து நீங்க சொன்னதை மெயில்ல போட்டிருக்கேன். பார்த்துட்டு ஓகேன்னு ஒரு ரிப்ளை மட்டும் போட்டுடுங்க ப்ளீஸ்." நூறு மெயிலுக்கு நடுவில் உங்களுடையதைத் தேடி எடுக்க இதுதான் உதவும். வாட்ஸப்பிலேயே "ஓகே" என்று பதில் வந்தால் அதுவும் பரவாயில்லை, எதுவும் இல்லாததற்கு மேல். ஆனால் அனுப்பியவர் இரண்டு நாளுக்கு மேல்கூட அதை அழித்துவிட முடியும் என்பதால், வந்த உடனே தேதியும் நேரமும் தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

போனைப் பதிவு செய்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் பதிவு தொடங்கியதும் "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று எதிர்முனைக்கும் கேட்கும். அந்தக் குரல் கேட்ட நொடியில் பேச்சு செத்துவிடும். தவிர, அந்த ஆடியோவை இரண்டாவது கன்சல்டன்சிக்கு அனுப்பவா போகிறீர்கள்? மெயிலில் வந்த ஒரு வரிதான் அங்கே செல்லும்.

வரும் பதிலை எப்படிப் படிப்பது

"யெஸ், கன்ஃபர்ம்ட்" என்று வந்தால் உங்கள் மெயிலில் எழுதிய அத்தனையும் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கூலிங் பீரியட் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றால், கம்பெனியின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் உங்கள் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே விண்ணப்பத்தின் நிலை மாறியிருந்தால் அதையும் தேதியோடு எடுத்து வையுங்கள்.

"ப்ரொஃபைல் நாட் மூவிங் ஃபார்வர்ட்" என்று மட்டும் வருவது வழக்கம். இது நழுவலான பதில். ஹோல்டில் இருந்தாலும் இதையே சொல்லலாம். அதே மெயிலில் ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்: "நன்றி மேடம். அப்படியானால் இந்த விண்ணப்பம் குளோஸ் ஆகிவிட்டது, ஹோல்டில் இல்லை, சரிதானே?" ஒன்றுக்கு மேல் கேட்காதீர்கள்.

"இன்னும் ஃபைனல் ஆகல, வெயிட் பண்ணுங்க" என்று வந்தால் நேற்று போனில் சொன்னது அவசரத்தில் சொன்னது. அப்போது உங்கள் விண்ணப்பம் உயிரோடு இருக்கிறது, அது முதல் கன்சல்டன்சியுடையது. இரண்டாவது கன்சல்டன்சிக்கு இப்போது "முடியாது" என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு பதிலுக்காகவே மெயில் போட்டது பலன் தந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலே வரவில்லை என்றால் மூன்று வேலை நாள் பொறுத்து அதே மெயிலின் கீழ் ஒரு நினைவூட்டல் போடுங்கள். ஒரு வாரம் ஆகியும் மௌனம் என்றால், கன்சல்டன்சியின் பொது மெயில் ஐ.டி.க்கோ அங்குள்ள டீம் லீடுக்கோ அதே மெயிலை ஒருமுறை அனுப்பலாம். ரெக்ரூட்டர்கள் வேலை மாறிக்கொண்டே இருப்பார்கள், உங்கள் மேடம் அங்கே இல்லாமலே போயிருக்கலாம். அதற்கு மேல் துரத்த வேண்டாம். பதில் வராத உங்கள் மெயிலுக்கும் மதிப்பு உண்டு: இன்ன நாளில் இப்படிச் சொல்லப்பட்டது, மறுக்க வாய்ப்புக் கொடுத்தும் மறுக்கவில்லை என்று அது காட்டும். ஆனால் கம்பெனி உங்களை ரிஜெக்ட் செய்ததை அது நிரூபிக்காது. அந்த வித்தியாசத்தை மறந்து, இரண்டாவது இடத்தில் "எழுத்தில் வாங்கிவிட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்த மெயில் பொருந்தாத இடங்கள்

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு போனில் "கேன்சல்" என்று சொன்னால் மேலே சொன்ன மெயிலை அனுப்பாதீர்கள். அதில் முடிவை நீங்களே ஏற்றுக்கொள்ளும் தொனி இருக்கிறது. அங்கே கம்பெனி ஹெச்.ஆருக்கே நேரடியாக எழுத வேண்டும்: இன்ன தேதியிட்ட ஆஃபர், இன்ன தேதியில் நான் ஏற்றுக்கொண்டது, இன்ன நேரத்தில் போனில் திரும்பப் பெறுவதாகச் சொன்னது, எழுத்தில் வரும்வரை ஆஃபர் நிற்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன், உறுதி செய்யுங்கள். பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருந்தால், அதே நாளில் இப்போதைய ஹெச்.ஆரிடம் ராஜினாமாவைத் திரும்பப் பெற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். கடைசி வேலை நாளுக்கு முன்னால் கேட்பதற்கும் பின்னால் கேட்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போனில் "கல்யாணம் ஆகப்போகுது, அதனால யோசிக்கறாங்க" என்ற மாதிரி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி. சொன்ன சொற்களை அப்படியே, மணியோடு, உங்களுக்கான குறிப்பாக அன்றே எழுதி வையுங்கள். முதல் மெயிலில் அதைக் கொண்டுவர வேண்டாம். முடிவு எழுத்தில் வந்த பிறகு ஒரு வழக்கறிஞரிடம் இரண்டையும் சேர்த்துக் காட்டலாம்.

அரசு நிறுவனம், பொதுத்துறை வங்கி என்றால் இந்தப் பணிவு எதுவும் தேவையில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் மதிப்பெண்ணையும் தேர்வு நிலையையும் கேட்கலாம். பதிலுக்குக் கெடு 30 நாள்.

இரண்டாவது கன்சல்டன்சிக்கு இப்போது என்ன சொல்வது

இன்று அவர்கள் திரும்பக் கூப்பிட்டால் மறைக்காதீர்கள். "இதே கம்பெனிக்கு வேற கன்சல்டன்சி மூலமா மூணு ரவுண்டு அட்டெண்ட் பண்ணினேன். ரிஜெக்ட்னு போன்ல சொன்னாங்க, மெயில் கேட்டிருக்கேன். வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் என் ப்ரொஃபைலை அனுப்ப வேண்டாம் சார்" என்று சொல்லுங்கள். பேசி முடித்ததும் கடைசி வாக்கியத்தை அவர்களுக்கு வாட்ஸப்பிலும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் சில கன்சல்டன்சிகள் உங்கள் சம்மதம் வருவதற்குள் நௌக்ரியிலிருந்து ரெஸ்யூமே எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

முதல் மேடத்திடமிருந்து பதில் வந்ததும் அந்த மெயிலை முழுதாக ஃபார்வர்ட் செய்யத் தேவையில்லை. அதில் அவர் பெயரும் நம்பரும் இருக்கும், போட்டிக் கன்சல்டன்சியிடம் அதைக் கொடுப்பது நன்றாக இருக்காது. பழைய ஜாப் ஐ.டி., குளோஸ் ஆன தேதி, கூலிங் பீரியட் இருந்தால் அது முடியும் தேதி, இவற்றை மட்டும் எழுதி, "உரிமைக் காலம் இன்னும் ஓடுகிறதா என்று கம்பெனியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். விண்ணப்பம் குளோஸ் ஆனாலும் முதல் கன்சல்டன்சியின் உரிமைக் காலம் ஓடிக்கொண்டிருக்கலாம் என்பதால் அந்தக் கேள்வியை அவர்கள்தான் கம்பெனியிடம் கேட்க வேண்டும். உங்களால் அதைச் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு "அனுப்பலாம்" என்று அவர்கள் மெயிலில் சொன்ன பிறகு ரெஸ்யூமே கொடுங்கள்.